பில் புத்தகத்தில் பளிச், பெயர்ப்பலகையில் கலக்கம்

கேள்வி: களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிட்ட சின்னதாக ஒரு உணவகம் நடத்துகிறோம். எங்கள் லோகோவை மகனின் சிநேகிதர் ஒருவர் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை வைத்தே விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடித்தோம். இரண்டும் சுத்தமாக வந்தன. இப்போது எட்டடி நீளத்தில் பெயர்ப்பலகை போட வேண்டும், கண்ணாடிக் கதவுக்கு ஸ்டிக்கர் வெட்ட வேண்டும், வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ரீ-சேர்ட்டும் வேண்டும். வெள்ளவத்தையில் போர்டு செய்கிறவர், “இந்தப் படம் சரிவராது, வெக்டர் ஃபைல் கொண்டுவாருங்கள்” என்கிறார். மகனின் சிநேகிதரிடம் கேட்டதற்கு ஒரு பி.டி.எஃப் அனுப்பினார். “இதுவும் அதே படம்தான்” என்று திருப்பிவிட்டார்கள். பிறகு வேறொரு ஃபைல் அனுப்பினார். அதைத் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக cztfk; என்று ஏதோ வருகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில், “நாங்களே பத்து நிமிடத்தில் வெக்டராக மாற்றித் தருகிறோம்” என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? எந்த வேலைக்கு எந்த ஃபைலைக் கேட்டு வாங்க வேண்டும்?

— ஒரு வாசகி, களுபோவில

பதில்: போர்டு செய்கிறவர் சொல்வதுதான் சரி. ஆனால் அதே படம் பில் புத்தகத்தில் நன்றாக வந்ததிலும் அதிசயம் இல்லை. இந்த இரண்டும் ஏன் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று பார்த்துவிட்டால், மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படம் 1080 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் உள்ள ஒரு சதுரம். இன்ஸ்டகிராமில் போடுவதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளை இடம் போக, லோகோ பிடித்திருக்கும் அகலம் ஏறத்தாழ 800 பிக்சல். அதாவது, உங்கள் லோகோ என்பது இந்த ஃபைலைப் பொறுத்தவரை இடமிருந்து வலமாக வரிசையாக அடுக்கிய 800 நிறச் சதுரங்கள், அவ்வளவுதான். இப்படிச் சதுரங்களால் ஆன படத்தைத்தான் ராஸ்டர் என்கிறார்கள். ஜேபெக், பி.என்.ஜி, ஃபோனில் எடுக்கும் புகைப்படம் எல்லாம் இந்த வகை.

அச்சகத்தில் கையில் பிடித்துப் படிக்கும் வேலைக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் போதும் என்பது நெடுநாள் வழக்கம். உங்கள் பில் புத்தகத்தில் லோகோ இரண்டரை அங்குல அகலம். அதற்கு 750 பிக்சல் வேண்டும், உங்களிடம் 800 இருந்தது. விசிட்டிங் கார்டில் ஒரு அங்குலம்தான், அங்கே தேவைக்கு மேலேயே இருந்தது. ஆகவே ராஸ்டர் என்றாலே மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு பொருந்தினால் ராஸ்டர் அச்சில் குறையே வைக்காது.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். எட்டடிப் பலகையில் லோகோவுக்கு ஆறடி ஒதுக்கினால் அது 72 அங்குலம். அதே 800 பிக்சலை 72 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 11 பிக்சல்தான் வரும். ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 2.3 மில்லிமீற்றர் அகலமான சதுரமாகிவிடும். வீதிக்கு எதிர்ப்பக்கம், ஒரு எட்டு மீற்றர் தூரத்தில் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நல்ல கண் பிரித்தறியக்கூடிய எல்லையும் அங்கே கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் கடை வாசலில் பார்சலுக்குக் காத்து நிற்பவர் பலகையை இரண்டு மீற்றர் தூரத்தில் அண்ணாந்து பார்ப்பார். அவருக்கு எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். சொஃப்ட்வேர் அந்தப் படிகளை மழுப்பினால் படிக்குப் பதில் மங்கல் தெரியும்.

இதோடு ஜேபெக்கின் சொந்தக் கோளாறு ஒன்றும் சேர்கிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, புகைப்படத்தைச் சுருக்குவதற்கென்று உருவானது. படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் படாத நுணுக்கத்தைக் கழித்துவிடும். ஒரு மரத்தின் புகைப்படத்தில் இது தெரியாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஒரு புள்ளிக் கலக்கம் வரும். பெரும்பாலான ஜேபெக்குகள் நிறத்தின் நுணுக்கத்தைப் பாதியாகக் குறைத்தும் வைப்பதால், சிவப்பும் மஞ்சளும் சந்திக்கும் ஓரம் கசிந்தும் நிற்கும். உங்கள் லோகோ சிவப்பும் மஞ்சளும்தான். ஃபோனில் பார்க்கும்போது இந்தக் கட்டம் ஊசி முனை அளவு. ஆறடிக்கு விரித்தால் ஒவ்வொரு கட்டமும் 18 மில்லிமீற்றர். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அது மறுபடி சுருக்கப்படுவதால், கை மாறக் கை மாற இந்தக் கலக்கம் கூடிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் சில கடைகளில் ஒரு வேலை செய்வார்கள். ஃபோட்டோஷொப்பில் படத்தின் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற எண்ணை 300 ஆக்கி, “இப்போது ஹை ரெசல்யூஷன்” என்பார்கள். பிக்சலைக் கூட்டாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால், 800 பிக்சல் 800 ஆகவே இருக்கும், அச்சில் வரும் அளவுதான் சிறுக்கும். பிக்சலைக் கூட்டினால் சொஃப்ட்வேர் இருக்கும் பிக்சல்களுக்கு இடையில் ஊகித்து நிரப்பும், அவ்வளவே. ஜேபெக்கைத் திறந்து பி.என்.ஜி என்று சேமிப்பதும் அப்படித்தான். படிந்த அழுக்கு அப்படியே பத்திரமாக இருக்கும்.

அப்படியானால் வெக்டர் ஃபைலில் என்ன இருக்கிறது? நிறச் சதுரம் எதுவும் இல்லை. கோடு எங்கே தொடங்குகிறது, எப்படி வளைகிறது, எங்கே முடிகிறது என்ற கணக்கு இருக்கிறது. உங்கள் ‘உணவகம்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு புள்ளி இருக்கிறதல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். எஸ்.வி.ஜி என்ற வெக்டர் ஃபைலில் அந்தப் புள்ளியின் கால்வட்டம் இப்படி எழுதப்பட்டிருக்கும்:

```
M 120 40 C 120 18 102 0 80 0
```

M என்றால் இந்த இடத்தில் பேனாவை வை. C என்றால் அங்கிருந்து வளைந்து போ. அடுத்த இரண்டு சோடி எண்கள், வளைவு எந்தப் பக்கம் இழுபட வேண்டும் என்பதைச் சொல்லும். கடைசிச் சோடி வளைவு முடியும் இடம். 120, 40 என்ற இடத்தில் கிளம்பி 80, 0 என்ற இடத்தில் முடியும் இந்தக் கோடு, 40 அலகு ஆரமுள்ள வட்டத்தின் கால் பங்கு. இதைப் போல நான்கு இருந்தால் முழுப் புள்ளி. இந்த வளைவுக்கு பெசியர் வளைவு என்று பெயர். பிரான்சில் ரெனோ கார்த் தொழிற்சாலையின் பொறியியலாளர் பியர் பெசியர் 1960களில் காரின் உடலை வரைவதற்குப் பயன்படுத்திப் பிரபலமாக்கியது. இந்த எண்களில் மில்லிமீற்றரும் இல்லை, பிக்சலும் இல்லை. கார்டில் அடிக்கும்போது கார்டின் அளவுக்கும், பலகையில் அடிக்கும்போது பலகையின் அளவுக்கும் மெஷின் அந்த நேரத்திலேயே கணக்குப் போட்டு வட்டத்தைப் போட்டுக்கொள்ளும். அதனால்தான் எவ்வளவு பெருப்பித்தாலும் ஓரம் கூராக இருக்கிறது.

ஃபிளெக்ஸ் பலகைக்கு வெக்டர் இல்லாவிட்டால் தரம் குறையும், அவ்வளவுதான். ஸ்டிக்கர் வெட்டுவதற்கு வெக்டர் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. வெட்டும் பிளொட்டரில் மை இல்லை, கத்தி இருக்கிறது. கத்திக்கு நிறம் தெரியாது, அது போக ஒரு பாதை வேண்டும். 800 பிக்சல் அல்ல, 8000 பிக்சல் படம் கொடுத்தாலும் அதில் பாதை கிடையாது. எழுத்தைத் தனித்தனியாக அக்ரிலிக்கில் வெட்டி உள்ளே லைட் போடுகிற பலகைக்கும் இதே கதைதான்.

இனி நீங்கள் பட்ட இரண்டு சிக்கல்களைப் பார்ப்போம். முதலாவது, திருப்பி அனுப்பப்பட்ட பி.டி.எஃப்.

பி.டி.எஃப், இ.பி.எஸ், ஏ.ஐ, எஸ்.வி.ஜி ஆகிய நான்கும் வெக்டரைக் கொண்டு செல்லக்கூடிய ஃபைல்கள். கொண்டு செல்லக்கூடியவை என்பதற்காக உள்ளே வெக்டர்தான் இருக்கிறது என்று உறுதி இல்லை. இல்லஸ்ட்ரேட்டரைத் திறந்து, உங்கள் ஜேபெக்கை அதில் போட்டு, பி.டி.எஃப் என்று சேமித்தால் ஃபைலின் பெயர் பி.டி.எஃப். உள்ளே இருப்பது அதே 800 பிக்சல். மகனின் சிநேகிதர் அதைத்தான் செய்திருக்கிறார். ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. ஃபோன் அப் ஒன்றில் லோகோவைச் செய்தவரிடம் பெரும்பாலும் மூலமே அந்தப் படம்தான்.

இதைக் கண்டுபிடிக்க டிசைனர் வேண்டியதில்லை. பி.டி.எஃப்பைக் கொம்பியூட்டரில் அக்ரோபெட் ரீடரில் திறந்து, பெருப்பிக்கும் அளவை 6400 வீதம் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் அது போகாது. எழுத்தின் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். கத்தி வெட்டு மாதிரி ஓரம் இருந்தால் வெக்டர். சதுரங்களோ புகையோ தெரிந்தால் படம். எஸ்.வி.ஜி கிடைத்தால் இன்னும் எளிது. அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். path என்ற சொல்லும் மேலே காட்டிய மாதிரி எண்களும் தெரிந்தால் நல்லது. அதற்குப் பதில் இப்படித் தொடங்கி முடிவில்லாமல் ஓடினால், அது எஸ்.வி.ஜி உறைக்குள் வைத்த பி.என்.ஜி படம்:

```
<image xlink:href="data:image/png;base64,iVBORw0KGgo...
```

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் சில இப்படித்தான் உறை மாற்றித் தருகின்றன.

இரண்டாவது சிக்கல் நம் ஊருக்கே உரியது. cztfk; என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்டதுமே விஷயம் விளங்கிவிட்டது. பாமினி எழுத்துருவில் ‘உணவகம்’ என்று தட்டினால் விழும் சாவிகள் அவை: c உ, z ண, t வ, f க, k ம, கடைசியில் அரைப்புள்ளிச் சாவியில் மெய்ப்புள்ளி. பாமினி யுனிகோட்டுக்கு முந்திய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்துவிட்டது. ஃபைலில் பதிவாகியிருப்பது c, z, t, f, k என்ற ஆங்கில எழுத்துகளும், ‘இதைப் பாமினியில் காட்டு’ என்ற ஒரு குறிப்பும் மட்டுமே. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தக் குறிப்பை நிறைவேற்ற வழி இல்லாததால், கையில் இருக்கிற வேறு எழுத்துருவில் ஆங்கிலத்தைக் காட்டிவிடுகிறது. இலங்கையில் பத்திரிகை, அழைப்பிதழ், போஸ்டர் என்று பாமினி ஓடாத அச்சகம் குறைவு. அதனால் இந்த விபத்தும் நாளாந்தம் நடக்கிறது. சிங்களத்தில் எஃப்.எம். அபய போன்ற பழைய எழுத்துருக்களுக்கும் இதே கதி. உங்கள் பலகையில் மூன்று மொழியும் வரும் என்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கவனம் வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: அந்த ஃபைல் கெட்டுப்போகவில்லை. நீங்கள் இதுவரை வாங்கிய மூன்றில் உருப்படியானது அதுதான். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, படமாக இல்லை. அதைச் செய்தவரின் கொம்பியூட்டரிலேயே திறந்து, எழுத்துகளை வரைகோடாக மாற்றி, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தைத் தெரிவு செய்து Ctrl+Shift+O, மெனுவில் Create Outlines. கோரல் டிரோவில் Ctrl+Q, அதாவது Convert to Curves. இன்க்ஸ்கேப்பில் Shift+Ctrl+C, அதாவது Object to Path. இதைச் செய்ததும் அந்தச் சொல் எழுத்துருவைச் சாராத வெறும் வடிவமாகிவிடும். எந்தக் கொம்பியூட்டரில் திறந்தாலும் ‘உணவகம்’ ‘உணவகம்’ ஆகவே இருக்கும்.

ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. ஒரு எழுத்தை நீக்கி இன்னொன்றைத் தட்ட அங்கே எழுத்தே இல்லை. ஆகவே டிசைனரிடம் இரண்டு பிரதி கேளுங்கள்: எழுத்து எழுத்தாக இருக்கும் மூலம் ஒன்று, வரைகோடாக்கியது ஒன்று. வரைகோடாக்கியதை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். போர்டு அடிப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருப்பது கொழும்பில் சாதாரணம். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. எழுத்து யுனிகோட்டில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய கோரல் டிரோ, ஃபோட்டோஷொப் போன்றவை ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பைக் க-வுக்குப் பின்னால் போட்டுவிடும். சிலவற்றில் புள்ளிவட்டம் ஒன்றும் கூடவே வரும். இன்றைய இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய மொழிக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் இதே கோலம்தான். உங்கள் ‘உணவகம்’ கொம்பு இல்லாத சொல், தப்பிவிட்டது. கீழே ‘கொத்து, பொங்கல்’ என்று ஒரு வரி போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் சொன்ன பத்து நிமிட வேலை என்ன என்பதும் இப்போது விளங்கும். இல்லஸ்ட்ரேட்டரில் Image Trace, கோரலில் PowerTRACE, இன்க்ஸ்கேப்பில் Trace Bitmap என்று ஒரு வசதி உண்டு. படத்தில் நிறம் மாறும் எல்லையைத் தேடி, அதன் மேல் கோடு போட்டு வெக்டராக்கும். பொய் இல்லை, முடிவில் கிடைப்பது உண்மையான வெக்டர்தான். கேள்வி, எதன் மேல் கோடு போட்டது என்பது. மங்கிய ஓரத்தை அது மங்கல் என்று அறியாது. அதையும் வடிவம் என்றே நம்பி அச்சொட்டாகப் பின்தொடரும்.

தமிழ் எழுத்தில் இது கூடுதலாகத் தெரியும். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் சின்ன வெள்ளை இடம், 800 பிக்சல் படத்தில் சில பிக்சல்தான். டிரேஸ் செய்யும்போது அது அடைபட்டுப் போகும், அல்லது நெளிந்த கோட்டுத் துளையாகும். நேரான மேல்கோடு அலை அலையாக வரும், கூரான மூலை மழுங்கும், மெய்ப்புள்ளி உருளைக்கிழங்கு ஆகும். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: ஃபைலைக் கடையிலேயே திறக்கச் சொல்லி, மெய்ப்புள்ளியைச் சொடுக்கி அதில் எத்தனை கணு இருக்கிறது என்று பாருங்கள். மேலே பார்த்தோம், ஒழுங்கான வட்டத்துக்கு நான்கு கணு போதும். அங்கே இருபது முப்பது தெரிந்தால் அது டிரேஸ். பிளொட்டர் கத்தி ஒவ்வொரு கணுவிலும் தடுக்கித் தடுக்கிப் போகும். வெட்டின ஸ்டிக்கரின் ஓரம் கடித்த மாதிரி இருக்கும்.

எழுத்தே இல்லாத, பெரிய, தெளிவான, இரண்டு நிறச் சின்னம் என்றால் டிரேஸ் செய்து கையால் திருத்தி ஒப்பேற்றலாம். உங்களுடையதில் அடுப்பும் ஆவியுமாக ஒரு சின்னமும் தமிழ்ச் சொல்லும் இருக்கின்றன. சொல்லை டிரேஸ் செய்யவே கூடாது. உங்களிடம்தான் எழுத்து மூலம் இருக்கிறதே, அதில் இருந்து எடுக்க வேண்டும். அடுப்பை, அந்த ஜேபெக்கை அடியில் வைத்து, பேனாக் கருவியால் புதிதாக வரைய வேண்டும். தெரிந்த ஒருவருக்கு அரை நாளைக்கும் குறைந்த வேலை. பத்து நிமிட டிரேஸுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

ஸ்டிக்கருக்குப் போகும் பிரதியில் இன்னொரு வேலை இருக்கிறது. பாமினியில் ‘கி’, ‘வி’ போன்றவற்றின் விசிறி தனித்துண்டு. எழுத்தின் மேல் சற்று ஏறி உட்காரும். அச்சில் இரண்டும் ஒரே நிறம் என்பதால் ஒன்றாகத் தெரியும். கத்திக்கு அவை இரண்டு வடிவம். ஒன்றின் கோட்டை மற்றதன் வயிற்றுக்குள்ளாலேயே வெட்டிக்கொண்டு போய்விடும், ஸ்டிக்கரை உரிக்கும்போது எழுத்து துண்டாகும். ஆகவே மேல்விழும் வடிவங்களை ஒன்றாக்க வேண்டும்: கோரலில் Weld, இல்லஸ்ட்ரேட்டரில் Unite, இன்க்ஸ்கேப்பில் Union. தடிப்புக் கொடுத்து வரைந்த கோடுகளையும் (உங்கள் ஆவிக் கோடுகள் அப்படித்தான் இருக்கும்) வடிவமாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கத்தி கோட்டின் நடுவால் ஒரு கீறல் போட்டுவிட்டு வந்துவிடும். மெய்ப்புள்ளி எப்படியும் தனித்துண்டுதான். கதவில் எழுத்தைச் சின்னதாகப் போட்டால் ஒட்டும்போது முதலில் தொலைவது அதுவே. கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

எதற்கு எது என்று கேட்டீர்கள். பெயர்ப்பலகைக்கும் ஸ்டிக்கருக்கும் இனிமேல் அடிக்கும் பில் புத்தகத்துக்கும் வரைகோடாக்கிய பி.டி.எஃப். சில பழைய பிளொட்டர் சொஃப்ட்வேர் இ.பி.எஸ் கேட்கும், கேட்டால் மட்டும் கொடுங்கள். இ.பி.எஸ் ஒளி ஊடுருவும் நிறங்களைச் சரியாகத் தாங்காது. வேறு காரணம் இல்லாவிட்டால் பி.டி.எஃப்தான் பாதுகாப்பு. பலகையில் கொத்துரொட்டிப் புகைப்படமும் வரப்போகிறது என்றால் அந்தப் புகைப்படம் ராஸ்டராகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். தூரத்தில் இருந்து பார்க்கும் பலகைக்கு முழு அளவில் அங்குலத்துக்கு 72 முதல் 100 பிக்சல் இருந்தாலே புகைப்படம் நன்றாக நிற்கும். அதன் மேல் வெக்டர் லோகோவை வைத்து ஒரே பி.டி.எஃப்பாகத் தருவார்கள். லோகோவையும் சேர்த்து ஜேபெக்காக மாற்றிக் கொடுக்க விடாதீர்கள்.

இணையத்தளம் ஒன்று வைத்தால் அங்கே எஸ்.வி.ஜி. ஃபைல் மிகச் சிறிது, எந்த ஃபோன் திரையிலும் கூராக இருக்கும். 2015இல் கூகுள் தன் லோகோவை எளிய வடிவங்களுக்கு மாற்றியபோது, பழையது சுமார் 14,000 பைட் பிடித்த இடத்தில் 305 பைட்டில் ஒரு வடிவம் செய்ய முடிந்ததாக அறிவித்தது. ஆனால் வட்ஸ்அப் முகப்புப் படத்துக்கும், ஊபர் ஈட்ஸ், பிக்மீ ஃபூட் போன்றவற்றில் கடையைப் பதியவும் எஸ்.வி.ஜி உதவாது. அங்கே ராஸ்டர்தான் வேண்டும். பி.என்.ஜி கொடுங்கள். லோகோ போன்ற தட்டையான நிறத்தை அது ஒரு பிக்சலும் மாறாமல் காக்கும், பின்னணியும் இல்லாமல் இருக்கலாம். பச்சைப் பின்னணியில் வைத்தால் வெள்ளைப் பெட்டி ஒட்டிக்கொண்டு வராது. ஜேபெக்கால் அது முடியாது. முகப்புப் படம் வட்டமாகத் தெரியும் என்பதால் சதுரத்தின் நான்கு மூலைக்கும் எழுத்து போகக் கூடாது. அச்சகத்துக்கு மட்டும் பி.என்.ஜி கொடுக்காதீர்கள். அச்சு மையின் நான்கு நிறக் கணக்கை அதில் வைக்க முடியாது, உங்கள் சிவப்பு எப்படி வரும் என்பதை மெஷின் தீர்மானிக்கும்.

ரீ-சேர்ட் எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் போடுவார்கள், அதற்கு வெக்டர் பி.டி.எஃப். டி.டி.எஃப் என்று படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டுவது என்றால், பின்னணி இல்லாத பி.என்.ஜி போதும். முதுகில் எட்டு அங்குலம் என்றால் 2400 பிக்சல் அகலம் வேண்டும். அதை வெக்டரில் இருந்து புதிதாக எடுக்கச் சொல்லுங்கள், பழைய படத்தைப் பெருப்பிக்க விடாதீர்கள். நெஞ்சில் நூல் வேலை என்றால் இந்த இரண்டும் நேரே உதவாது. எம்பிரொய்டரி மெஷினுக்கு ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் தனி ஃபைல் வேண்டும், பெரும்பாலும் .dst. வெக்டரைப் பார்த்து அதை ஒருவர் கையால் அமைக்க வேண்டும், தானாக மாறாது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த உயரத்தில் எழுத்து நூலில் தெளியாது. தமிழ்ச் சுழிகளுக்கு அதுவும் போதாது. நெஞ்சில் அடுப்புச் சின்னத்தை மட்டும் போடுவதே என் யோசனை.

மகனின் சிநேகிதருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: “தம்பி, cztfk; என்று வந்த ஃபைலை உங்கள் கொம்பியூட்டரில் திறந்து, எழுத்தை எல்லாம் அவுட்லைன் ஆக்கி, அடுப்பைப் படமாக இல்லாமல் பேனாக் கருவியால் வரைந்து, பி.டி.எஃப்பும் எஸ்.வி.ஜியும் அனுப்புங்கள். ஒரே நிறக் கறுப்பில் இன்னொன்றும் வேண்டும். பின்னணி இல்லாத பி.என்.ஜி 3000 பிக்சல் அகலத்தில் ஒன்று. எழுத்து மாற்றக்கூடிய மூலத்தையும் பாமினி எழுத்துருவையும் சேர்த்துத் தாருங்கள்.” ஒரே நிறப் பிரதி எதற்கென்றால், ரப்பர் சீலுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் அதுதான் வேண்டும்.

எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம், ஆனால் Document என்ற இடத்தைத் தெரிவு செய்து. Gallery வழியாக வந்தால் பி.என்.ஜி மறுபடி சுருங்கிவிடும். வந்ததும் பி.டி.எஃப்பை 6400 வீதத்துக்குப் பெருப்பித்து, ‘ண’வின் சுழி திறந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் போர்டுக்காரரிடம் கொடுங்கள்.